87-இல் முடிந்த 95 கூற்றுகள்: விட்டன்பர்க், லைப்சிக், மெம்மிங்கன் (1517–1529)

1517ஆம் ஆண்டு முடிவதற்குள் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கேள்வி கேட்டு விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் லூதர் எழுதிய 95 வாதக் கூற்றுகள் மூன்று ஊர்களில் அச்சேறிவிட்டன. நியூரம்பெர்க்கில் ஹீரோனிமஸ் ஹோல்ட்செல், லைப்சிக்கில் யாக்கோப் தன்னர், பாசலில் ஆதாம் பெத்ரி. இந்த மூவரையும் அச்சிடச் சொன்னது லூதர் இல்லை. லைப்சிக் தாளில் கடைசிக் கூற்றுக்கு 87 என்று எண் போட்டிருக்கிறது. எதுவும் விடுபடவில்லை, அச்சுக்கோர்த்தவர் அவசரத்தில் எண்களைக் குழப்பிவிட்டார். நியூரம்பெர்க் தாளில் 25, 25, 25, 20 என்று நான்கு தவணையாக எண்ணியிருக்கிறார்கள். பாசலில் அதையே நான்கு இலைச் சிறுநூலாக மடித்துக் கொடுத்தார்கள்.

அச்சு இயந்திரம் ஐரோப்பாவை மாற்றியது என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். எப்படி மாற்றியது என்று கேட்டால், அந்தத் தவறான 87-இல் இருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒரு கருத்து எழுதியவர் கையை விட்டுப் போய், முன்பின் தெரியாத ஒருவர் தன் பிழைப்புக்காக அதை மறுபடி அச்சுக்கோர்த்த தடயம் அது. அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த வழியாகவே வந்தன.

சண்டை எதைப் பற்றி?

மைன்ஸ் நகரப் பேராயர் ஆல்பிரெக்ட், ஒரே நேரத்தில் பல பதவிகளை வைத்துக்கொள்ள ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஆக்ஸ்பர்க்கின் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். அதை அடைக்க அவர் ஆட்சிப் பகுதியில் பாவமன்னிப்புச் சீட்டு, அதாவது பணம் கொடுத்தால் பாவத்துக்கான தண்டனை குறையும் என்று சொல்லும் சீட்டு, விற்க அனுமதி கிடைத்தது. வருமானத்தில் பாதி கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டடத்துக்கு. விற்பனையை முன்னின்று நடத்தியவர் யோகான் டெட்செல் என்ற துறவி.

இந்தச் சீட்டுகளும் அச்சில் வந்தவைதான். மைன்ஸ் நகரில் கூட்டன்பெர்க் காலத்திலேயே, 1454–55இல், பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சடித்த பாவமன்னிப்புப் படிவங்கள் இருந்தன. பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தால் போதும். அச்சு எந்தப் பக்கமும் சாராத ஒரு கருவி; திருச்சபைதான் அதன் முதல் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று.

லூதர் 1517 அக்டோபர் 31 அன்று தன் கூற்றுகளைக் கடிதத்தோடு ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார். அவை லத்தீனில், பல்கலைக்கழக விவாதத்துக்காக எழுதப்பட்டவை. பல வரிகள் வேண்டுமென்றே சீண்டும் விதத்தில் இருக்கும்; வாதத்தைக் கிளப்பி, அப்புறம் நேரில் விளக்கிக்கொள்ளலாம் என்ற முறை அது. அதனால்தான் அவை ஊர் ஊராகப் பரவியதைக் கேட்டு அவர் சங்கடப்பட்டார். இப்படிப் பரவும் என்று தெரிந்திருந்தால் இன்னும் தெளிவாக எழுதியிருப்பேன் என்ற பொருளில், 1518 மார்ச்சில் நியூரம்பெர்க்கின் கிறிஸ்டோப் ஷோய்ர்லுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த மாதமே அவர் செய்த காரியம்தான் எனக்கு 95 கூற்றுகளைவிட முக்கியமாகப் படுகிறது. அதே விஷயத்தை ஜெர்மன் மொழியில், 20 சிறு பத்திகளில், சாதாரண மனிதர் கேட்டால் புரியும்படி எழுதினார். பாவமன்னிப்பையும் அருளையும் பற்றிய பிரசங்கம் என்று அதற்குப் பெயர். மேற்கோள் இல்லை, கல்லூரித் தர்க்கம் இல்லை. சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல் என்று நேராகச் சொன்னது. 1520க்குள் அது 20க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. விட்டன்பர்க், லைப்சிக், நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க், பாசல் என்று ஊர் ஊராக அடித்தார்கள்.

ஒரு தாள் கணக்கு

அச்சுக்கூடத்துக்காரர்கள் ஏன் இதன் மேல் பாய்ந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, தாளை எடுத்து மடித்துப் பார்க்க வேண்டும். ஒரு முழுத் தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு இலை, எட்டுப் பக்கம். லூதரின் அந்தப் பிரசங்கம் இப்படி ஒரே தாளில் அடங்கிவிடும். தாளின் ஒரு முகத்தில் நான்கு பக்கம், மறு முகத்தில் நான்கு பக்கம். அச்சுக்கோர்ப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த எட்டுப் பக்கத்தையும் கோர்க்க வேண்டும். அப்புறம் இயந்திரத்தில் இரண்டு பேர்: ஒருவர் தோல் பந்தால் எழுத்தின் மேல் மை தடவுவார், மற்றவர் ஈரப்படுத்திய தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். தேர்ந்த கைகள் ஒரு நாளில் ஆயிரம் தாளுக்கு மேல் ஒரு முகம் அடித்துவிடும். ஆக, ஆயிரம் பிரதி என்பது ஆயிரம் தாளும் சில நாள் வேலையும்தான்.

பெரிய நூல்களில் நிலைமை வேறு. கூட்டன்பெர்க்கின் பைபிள் 180 பிரதி அளவில் அச்சானது. 1,200 பக்கத்துக்கு மேல். தாள் வாங்கிய பணம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். விற்றுத் திரும்பி வருவதற்குள் கடன்காரர் வாசலில் நிற்பார். கூட்டன்பெர்க்குக்கு நடந்ததும் அதுதான். 1455இல் கடன் கொடுத்த யோகான் ஃபுஸ்ட் வழக்குப் போட்டு வென்றார். அதன் பின் வந்த தலைமுறையிலும் பெரிய லத்தீன் நூல்களை நம்பி நொடித்துப்போன அச்சுக்கூடங்கள் ஏராளம். அவர்களுக்கு எட்டுப் பக்க ஜெர்மன் சிறுநூல் கடவுள் கொடுத்த வரம். போட்ட பணம் வாரத்துக்குள் திரும்பும்.

இன்னொரு விஷயம், தாள் கனமானது. ஆயிரம் பிரதியை விட்டன்பர்க்கில் அடித்து வண்டியில் ஏற்றி ஆக்ஸ்பர்க்குக்கு அனுப்புவது செலவு. ஒரே ஒரு பிரதி ஒரு வியாபாரியின் பையில் ஆக்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கே இருக்கும் அச்சுக்கூடம் அதைப் பார்த்துக் கோர்த்து ஆயிரம் அடித்துக்கொள்ளும். பதிப்புரிமை என்று ஜெர்மன் நாடுகள் முழுக்கச் செல்லும் சட்டம் எதுவும் இல்லை. லூதரும் அச்சுக்காரர்களிடம் கூலி வாங்கியவர் இல்லை. எனவே தடுப்பார் இல்லை. நூல் பயணம் செய்தது என்று சொல்வதைவிட, போன ஊரில் எல்லாம் புதிதாகப் பிறந்தது என்று சொன்னால் பொருந்தும்.

இதனால் விட்டன்பர்க்கின் தலையெழுத்தும் மாறியது. ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த சிற்றூர் அது. அங்கிருந்த யோகான் ராவ்-குரூனன்பெர்க் மெதுவாக வேலை செய்பவர். எழுத்தும் தாளும் அச்சின் தரமும் மோசம் என்று லூதரே மனம் வெறுத்து எழுதியிருக்கிறார். 1519இல் லைப்சிக்கின் பெரிய அச்சுக்காரர் மெல்கியோர் லோட்டர் தன் மகனை அனுப்பி விட்டன்பர்க்கில் கிளை திறந்தார். அரண்மனை ஓவியர் லூக்காஸ் கிரனாக்கின் கட்டடத்தில் அது இயங்கியது. முகப்புப் பக்கத்துக்கு அலங்காரச் சட்டம், நடுவில் லூதர் பெயர், கீழே விட்டன்பர்க் என்று பெரிய எழுத்தில். கடையில் தூரத்திலிருந்து பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். கொஞ்ச நாளில் வேறு ஊர்களில் அடித்த சிறுநூல்களிலும் விட்டன்பர்க் என்று பொய்யாகப் போட ஆரம்பித்தார்கள், அப்படிப் போட்டால் விற்கும் என்பதால். 1520 ஆகஸ்டில் ஜெர்மன் பிரபுக்களுக்கு லூதர் எழுதிய அறைகூவலை லோட்டர் 4,000 பிரதி அடித்தார். அந்தக் காலத்தில் முதல் பதிப்புக்கு அது அசாதாரண எண்ணிக்கை. அதுவும் உடனே தீர்ந்து மறுபதிப்புக்குப் போனது.

படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். மிகக் குறைவுதான், நகரங்களில் கொஞ்சம் பரவாயில்லை, கிராமங்களில் அரிது. ஆனால் எட்டுப் பக்கம் என்பது சத்தம் போட்டு வாசித்தால் பத்துப் பதினைந்து நிமிடம். சத்திரத்தில், சந்தையில், கில்டு வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பாதிரியார் படித்துவிட்டுப் பிரசங்கத்தில் சொன்னார். 1521இல் கிரனாக்கின் பட்டறை வெளியிட்ட படநூலில் கிறிஸ்து சீடர்களின் கால்களைக் கழுவும் படத்துக்கு எதிரே, போப்பின் காலை மற்றவர்கள் முத்தமிடும் படம் இருக்கும். அதைப் புரிந்துகொள்ள எழுத்து தேவையில்லை.

தடை போட்டால் என்ன ஆகும்: லைப்சிக்

1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லூதர் நிறுத்தப்பட்டபோது மேசை மேல் அவர் நூல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தலைப்புகளை வாசித்து, இவை உன்னுடையவையா என்று கேட்டார்கள். விசாரணைக்கு வந்தது ஆளைவிட அந்த அச்சுக் குவியல்தான். அதன் பின் வந்த ஆணை அவர் நூல்களை அச்சிடவும் விற்கவும் வைத்திருக்கவும் தடை விதித்தது.

ஆனால் பேரரசரின் ஆணையை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அந்தந்தப் பகுதி ஆட்சியாளர்கள். சாக்சனி நாடு 1485இலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. விட்டன்பர்க் இருந்த பகுதியை ஆண்ட பிரெடெரிக் லூதரைப் பாதுகாத்தார். லைப்சிக் இருந்த பகுதியை ஆண்ட அவர் உறவினர் ஜார்ஜ் கோமகன் பழைய திருச்சபையின் உறுதியான ஆதரவாளர். இரண்டு ஊருக்கும் இடையே 70 கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரே மொழி, ஒரே வாசகர்கள், ஒரே தொழில். ஒரு பக்கம் தடை, மறு பக்கம் இல்லை. சோதனைச்சாலையில்கூட இவ்வளவு பொருத்தமான ஒப்பீடு அமையாது.

ஜார்ஜ் தன் பகுதியில் தடையைக் கறாராக நிறைவேற்றினார். லூதர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது ஏறத்தாழ பதினொரு வாரத்தில் மொழிபெயர்த்த ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் வந்தது. அதன் திருவெளிப்பாட்டுப் பகுதிக்கு கிரனாக் பட்டறை செய்த 21 மரச்செதுக்குப் படங்களில், பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மூவடுக்கு முடி இருந்தது. ஜார்ஜ் கொதித்துப்போய் நூலைத் தடை செய்து, வாங்கியவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பிரதியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். விட்டன்பர்க்காரர்கள் டிசம்பர் பதிப்பில் அந்த முடியின் மேலடுக்குகளைச் செதுக்கி எடுத்துச் சாதாரணக் கிரீடமாக்கினார்கள். அதே மாதம் பாசலில் பெத்ரி மறுபதிப்பு போட்டுவிட்டார்.

தடையின் விலையைக் கொடுத்தவர்கள் லைப்சிக் அச்சுக்காரர்கள். 1518–1520இல் லூதர் நூல்களை அதிகம் அடித்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1524இல் அவர்கள் சார்பில் நகர மன்றம் கோமகனிடம் முறையிட்டது. மக்கள் கேட்பதை அச்சிட முடியவில்லை. அனுமதித்த நூல்கள் குவிந்து கிடக்கின்றன, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்பது அதன் சாரம். வேலையாட்கள் ஊரை விட்டுப் போனார்கள், வீடும் தொழிலும் போயிற்று. இந்த முறையீட்டைப் படிக்கும்போது எனக்கு லூதரைவிட, போப்பைவிட, இந்தக் கைத்தொழில்காரர்கள்மேல்தான் மனம் போகிறது. சண்டையில் அவர்கள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

ஜார்ஜின் தடையால் லூதர் நூல்கள் நிற்கவில்லை. வேறு ஊர்களில் அச்சாகி எல்லை தாண்டி வந்தன. கடைசியில் அவரும் தன் பகுதி மக்களுக்கு ஜெர்மன் புதிய ஏற்பாடு ஒன்று கொடுக்க வேண்டியதாயிற்று. 1527இல் அவருடைய செயலர் ஹீரோனிமஸ் எம்சர் பெயரில் வந்த அந்த நூல், பெருமளவு லூதரின் மொழிபெயர்ப்பைத் திருத்தியதுதான். படங்களில் பலவும் கிரனாக்கிடமிருந்து வாங்கிய அதே மரக்கட்டைகளில் அடித்தவை.

தடை பலிக்காததற்கு மக்களின் துணிச்சலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான சிறு ஆட்சிகளாகச் சிதறிக் கிடந்த நிலம் அது. பாரிஸில் ஒரே அரசரும் ஒரே பல்கலைக்கழகமும் சேர்ந்து அச்சுக்கூடங்களை மிரட்ட முடிந்தது. ஜெர்மனியில் ஓர் ஊரில் கதவை மூடினால் பக்கத்து ஊரில் திறந்திருக்கும்.

மெம்மிங்கனின் ஓரக் குறிப்புகள்

இதுவரை சொன்னதில் அச்சு லூதருக்குச் சாதகமாகவே வேலை செய்தது. 1525இல் அது திசை மாறியது.

அந்த ஆண்டு தொடக்கத்தில் தென் ஜெர்மனியின் மெம்மிங்கனில் விவசாயிகளின் கோரிக்கைகளைப் பன்னிரண்டு அம்சங்களாகத் தொகுத்தார்கள். எழுத்தில் வடித்தவர் செபாஸ்டியன் லோட்சர் என்ற தோல் ஆடைத் தொழிலாளி. துணை நின்றவர் கிறிஸ்டோப் ஷாப்பெலர் என்ற போதகர். எங்கள் பாதிரியாரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தானிய வரி அவர் பிழைப்புக்கும் ஏழைகளுக்கும் போக வேண்டும். காட்டு விறகும் ஆற்று மீனும் பொது. கிறிஸ்து தன் இரத்தத்தால் மேய்ப்பனையும் மன்னனையும் ஒன்றுபோல மீட்டார், பிறகு நாங்கள் ஏன் பண்ணை அடிமைகள்? கடைசி அம்சத்தில், இவற்றில் எதாவது வேதத்துக்கு முரண் என்று காட்டினால் விட்டுவிடுகிறோம் என்றார்கள்.

இந்தச் சிறுநூலின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் வேதத்தின் எந்த நூல், எந்த அதிகாரம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 1522 முதல் வந்த ஜெர்மன் வேதத்தை இவர்கள் தங்கள் வாழ்க்கையோடு வைத்துப் படித்ததன் விளைவு அது. முதலில் ஆக்ஸ்பர்க்கில் அச்சான இது இரண்டு மாதத்துக்குள் 25 பதிப்புகள் கண்டது. ஒரு பள்ளத்தாக்கின் குறை, ஊர் ஊராக மறுஅச்சாகி நாடு தழுவிய கோரிக்கையானது. அதற்கு முன் நடந்த விவசாயிக் கிளர்ச்சிகள் ஒரு வட்டாரத்தோடு அடங்கியதற்கும் இது பரவியதற்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு இந்த அச்சுத் தாள் என்று நினைக்கிறேன்.

லூதர் ஏப்ரலில் பதில் எழுதினார். பிரபுக்களையும் கண்டித்து விவசாயிகளையும் அமைதியாக இருக்கச் சொன்ன நூல் அது. வன்முறை பெருகியபோது மே மாதத்தில் கடுமையான பகுதி ஒன்றை எழுதி, முதல் நூலின் மறுபதிப்போடு சேர்த்தார். அதன் தலைப்பு, "மற்ற விவசாயிகளின் கொள்ளை, கொலைக் கும்பல்களுக்கு எதிராகவும்" என்ற பொருள் தரும். வெளியூர் அச்சுக்கூடங்கள் அந்தப் பகுதியை மட்டும் தனியே பிய்த்து அடித்தன. தலைப்பிலிருந்து 'மற்ற' என்ற சொல் போயிற்று, 'உம்' போயிற்று. எல்லா விவசாயிகளையும் வெட்டிக் கொல்லுங்கள் என்று லூதர் சொல்வதாக நூல் நின்றது.

அது பல ஊர்களில் கைக்குக் கிடைத்தபோது, மே 15 அன்று பிராங்கன்ஹவுசனில் விவசாயிகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தார்கள். செத்த பிணங்களின் மேல் நின்று கொல்லச் சொல்வதுபோல் அது வாசிக்கப்பட்டது. வார்த்தைகள் லூதருடையவை, குத்துங்கள், அடியுங்கள் என்று அவர் உண்மையிலேயே எழுதினார், அந்தப் பழியிலிருந்து அவரை யாரும் விடுவிக்க முடியாது. ஆனால் எந்த வார்த்தை எதற்குப் பக்கத்தில், எந்த நாளில், எந்தத் தலைப்போடு நின்றது என்பதை முடிவு செய்தது விட்டன்பர்க் இல்லை. 1517இல் லைப்சிக் தாளில் எண்ணை மாற்றிய அதே அவசரக் கை, இங்கே ஒரு மனிதரின் நிலைப்பாட்டையே மாற்றியது. ஜூலையில் அவர் விளக்கம் எழுதி அச்சிட்டார். கிராமப்புறத்தில் இழந்த நம்பிக்கை திரும்பவில்லை.

இதற்கு முன்பே லூதர் எச்சரிக்கையாகியிருந்தார். 1524இல் தன் வேத மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியில் ஆட்டுக்குட்டி ஒன்றும் ரோஜா ஒன்றும் முத்திரையாகப் போட்டு, இது இருந்தால்தான் என் கை வழியாக வந்தது என்று பொருள் என்றார். ஆனால் அச்சுக்காரர்களில் பலருக்கு லூதர் ஒரு சரக்கு மட்டுமே. 95 கூற்றுகளை அடித்த அதே ஹோல்ட்செல்தான் 1524இல் லூதரைக் கடுமையாகத் தாக்கித் தாமஸ் முன்ட்சர் என்ற தீவிரப் போதகர் எழுதிய சிறுநூலையும் நியூரம்பெர்க்கில் அடித்தார். நகர மன்றம் பிரதிகளைப் பறித்துக்கொண்டு அவரைச் சிறையில் வைத்தது. முன்ட்சர் பிராங்கன்ஹவுசனில் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார்.

அதன் பிறகு

1525க்குப் பிறகு சிறுநூல் வெள்ளம் வடிந்தது. சீர்திருத்தத்தை ஏற்ற ஆட்சியாளர்கள் திருச்சபையைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1526இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு அவை, வோர்ம்ஸ் ஆணை விஷயத்தில் ஒவ்வோர் ஆட்சியாளரும் கடவுளுக்கும் பேரரசருக்கும் பதில் சொல்லும் வகையில் நடந்துகொள்ளலாம் என்று விட்டது. 1529இல் அதே ஊரில் அந்த இடைவெளியை மூட முயன்றபோது ஆறு இளவரசர்களும் பதினான்கு நகரங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. புராட்டஸ்டன்ட் என்ற பெயர் அந்த எதிர்ப்பிலிருந்து வந்தது. இந்தப் பிளவின் இரு கரையிலிருந்தும் அச்சு பின்னாளில் தமிழுக்கும் வந்தது: 1578இல் கொல்லத்தில் இயேசு சபையாரின் தம்பிரான் வணக்கம், 1715இல் தரங்கம்பாடி லூதரன் அச்சகத்தில் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு.

விட்டன்பர்க் அச்சுக்கூடங்களின் வேலையும் மாறியது. 1528இல் ஊர் ஊராகப் போய்ப் பாதிரியார்களைச் சோதிக்கும் ஆய்வாளர்களுக்கான அறிவுரை நூல் அச்சானது. கிராமங்களில் மக்களுக்கு அடிப்படை ஜெபங்கள்கூடத் தெரியவில்லை என்று கண்டு லூதர் நொந்துபோனார். 1529 தொடக்கத்தில் அவருடைய சிறிய ஞானோபதேசம் வந்தபோது முதலில் நூலாக வரவில்லை. 1517இன் கூற்றுகளைப்போலவே ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தனித் தாள்களாக வந்தது. 1517இன் தாள் அறிஞர்கள் வாதாடுவதற்காக எழுதப்பட்டது. இதைச் சுவரில் ஒட்டி, வீட்டுத் தலைவர் வாசிக்க, பிள்ளைகளும் வேலைக்காரர்களும் அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும்.